தொடக்க வீச்சு உடைப்பு: முதல் முப்பது நிமிடக் கண்காணிப்பும் பொய் உடைப்புகளை விலக்கும் விதிகளும்

தொடக்க வீச்சு உடைப்பு (ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட்) என்பது, பங்குச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் ஒரு பங்கு தொட்ட மிக உயர்ந்த விலையையும் மிகக் குறைந்த விலையையும் எல்லைகளாகக் குறித்துக்கொண்டு, பின்னர் விலை அவற்றில் ஒன்றைக் கடக்கும்போது அத்திசையில் வாங்கவோ விற்கவோ செய்யும் நாள்வணிக முறையாகும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதி தொடக்க வீச்சு எனப்படும். இந்தியாவில் பலர் முதல் 15 நிமிடங்களையோ முதல் 30 நிமிடங்களையோ கணக்கில் எடுக்கின்றனர். இக்கட்டுரை தேசியப் பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் 30 நிமிட வீச்சைப் பயன்படுத்தும் முறையை விளக்குகிறது.

முறையைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். எல்லையைக் கடந்த விலை அங்கேயே நிற்குமா, உடனே உள்ளே திரும்பிவிடுமா என்று பிரித்தறிவதுதான் கடினம். திரும்பிவிடும் உடைப்பு பொய் உடைப்பு எனப்படுகிறது. இம்முறையில் ஏற்படும் நட்டத்தின் பெரும்பகுதி பொய் உடைப்புகளிலிருந்தே வருகிறது.

## தோற்றம்

அமெரிக்க வணிகர் டோபி கிராபெல் 1990-இல் வெளியிட்ட நூலின் மூலம் இப்பெயர் பரவலாக அறியப்பட்டது. அவர் முதல் அரைமணி நேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் எல்லைகளாகக் கொள்ளவில்லை. தொடக்க விலையிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவை மேலும் கீழும் அளந்து, அந்தக் கோடுகளைக் கடப்பதையே உடைப்பு என்றார். சிகாகோ வணிக வாரியத்தில் பீட்டர் ஸ்டீடில்மேயர் உருவாக்கிய சந்தைப் படிவ முறையில் முதல் ஒரு மணி நேரம் ‘தொடக்கச் சமநிலை’ என்று தனியே குறிக்கப்படுகிறது. 2002-இல் வெளியான மார்க் ஃபிஷரின் நூல், விலை எல்லைக்கு அப்பால் சென்றது மட்டும் போதாது, குறிப்பிட்ட நேரம் அங்கே தங்கவும் வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆகவே 30 நிமிடம் என்பது எவரும் வகுத்த இயற்கை விதி அன்று. வழக்கத்தில் வசதியாக அமைந்த ஓர் அளவு மட்டுமே.

## முதல் முப்பது நிமிடங்களில் நடப்பவை

தேசியப் பங்குச் சந்தையின் வழக்கமான வணிகம் காலை 9.15-க்குத் தொடங்கி மாலை 3.30-க்கு முடிகிறது. அதற்கு முன் 9.00 முதல் 9.15 வரை முன்தொடக்க அமர்வு நடைபெறும். இதில் சேரும் வாங்கும் ஆணைகளையும் விற்கும் ஆணைகளையும் ஒன்றாக வைத்து, எந்த விலையில் மிக அதிகமான பங்குகள் கைமாறுமோ அந்த விலை தொடக்க விலையாகத் தீர்மானிக்கப்படுகிறது. எனவே 9.15-க்குத் திரையில் தோன்றும் முதல் விலை, முந்தைய மாலையிலிருந்து சேர்ந்த செய்திகளின் ஒரு கூட்டு முடிவு.

அதன்பின் வரும் அரைமணி நேரத்தில் இருவகை ஆணைகள் கலந்து வருகின்றன. இரவு முழுவதும் காத்திருந்து, சந்தை திறந்ததும் எப்படியாவது வாங்கவோ விற்கவோ வேண்டியவர்களின் ஆணைகள் ஒருவகை. விலையைப் பார்த்து முடிவெடுப்போரின் ஆணைகள் மற்றொரு வகை. முதல் வகை மெல்ல வடிந்து முடிவதற்கு அவகாசம் தருவதே 30 நிமிடக் காத்திருப்பின் நோக்கம். 9.16-க்குத் தொட்ட உச்சம் அவசரக்காரர் ஒருவரால் உண்டாகியிருக்கலாம். 9.45 வரை பலமுறை முயன்றும் கடக்க முடியாத உச்சத்தில் உண்மையாகவே விற்பவர்கள் நிற்கிறார்கள் என்று கொள்ளலாம்.

## எல்லைகளைக் குறித்தல்

ஐந்து நிமிட மெழுகுவர்த்தி (கேண்டில்) வரைபடத்தில் 9.15 முதல் 9.45 வரை ஆறு மெழுகுவர்த்திகள் இருக்கும். ஆறிலும் மிக உயர்ந்த திரிமுனை மேல் எல்லை. மிகத் தாழ்ந்த திரிமுனை கீழ் எல்லை.

இங்கே தொடக்கநிலையினர் அடிக்கடி ஒரு பிழை செய்கின்றனர். பெரும்பாலான வரைபடச் செயலிகள் மெழுகுவர்த்திக்கு அது தொடங்கிய நேரத்தையே பெயராக இடுகின்றன. ஆகவே ‘9.40’ என்று காட்டும் மெழுகுவர்த்தி 9.40 முதல் 9.45 வரை நடந்ததைக் குறிக்கிறது. அதுவே ஆறாவதும் கடைசியும் ஆகும். ‘9.45’ என்று எழுதப்பட்டதையும் சேர்த்துக்கொண்டால் வீச்சு 35 நிமிடமாகிவிடும். அதைவிட மோசம், அந்த மெழுகுவர்த்தியில் நிகழ்ந்த உடைப்பே எல்லைக்குள் விழுங்கப்பட்டுக் கண்ணில் படாமல் போய்விடும்.

எல்லைகளைக் குறித்ததும் வீச்சின் அகலத்தை அந்தப் பங்கின் வழக்கமான ஒருநாள் அசைவோடு ஒப்பிட வேண்டும். இதற்குச் சராசரி உண்மை வீச்சு (ஏ.டி.ஆர்.) என்னும் அளவை பயன்படுகிறது. 14 நாள் சராசரி உண்மை வீச்சு 16 ரூபாய் என்றால், அப்பங்கு ஒரு நாளில் சராசரியாக 16 ரூபாய் அகலத்துக்கு ஏறி இறங்குகிறது என்று பொருள். முதல் அரைமணியிலேயே 12 ரூபாய் தீர்ந்துவிட்டால், உடைப்புக்குப் பின் ஓடுவதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. மாறாக வீச்சு 3 ரூபாய் மட்டுமே என்றால், சாதாரண ஏற்ற இறக்கமே எல்லையைத் தாண்டிவிடும். அதற்குத் தனிப் பொருள் இல்லை. சராசரியில் கால் பங்குக்குக் குறைந்த வீச்சையும், முக்கால் பங்கை நெருங்கும் வீச்சையும் அன்றைக்கு ஒதுக்கிவிடுவது நடைமுறையில் ஏற்கத்தக்க அளவுகோல். இந்த எண்கள் பழக்கத்தில் அமைந்தவை. பங்குக்குப் பங்கு சற்று மாறலாம்.

## பொய் உடைப்பு ஏன் ஏற்படுகிறது

மேல் எல்லை எல்லோர் திரையிலும் ஒரே இடத்தில் தெரிகிறது என்பதே இதற்கு முதற்காரணம். அதற்குச் சற்று மேலே இரு தரப்பினரின் ஆணைகள் குவிந்திருக்கும். விலை தாண்டினால் வாங்கலாம் என்று காத்திருப்போரின் ஆணைகள் ஒருபுறம். ஏற்கெனவே விற்றுவைத்து, தாண்டினால் நட்டத்தோடு வெளியேற ஸ்டாப் லாஸ் வைத்திருப்போரின் ஆணைகள் மறுபுறம். பின்னதும் வாங்கும் ஆணையே. விலை எல்லையைத் தொட்டதும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கும் ஆணைகளாக வெடிக்கின்றன. சில நொடிகள் விலை துள்ளுகிறது.

பெரிய அளவில் விற்க விரும்பும் நிறுவனத்துக்கு இது நல்ல வாய்ப்பு. சாதாரண நேரத்தில் அவ்வளவு பங்குகளை விற்றால் விலை சரியும். இப்போதோ வாங்குவதற்குக் கூட்டமே நிற்கிறது. குவிந்திருந்த ஆணைகள் தீர்ந்த பிறகு புதிதாக வாங்க யாரும் வராவிட்டால் விலை எல்லைக்குள் திரும்பி விழும். எனவே எல்லையைத் தொட்ட கணத்தில் தெரிவது, அங்கே காத்திருந்த ஆணைகள் செயல்பட்டன என்பது மட்டுமே. புதியவர்கள் வந்தார்களா என்பது அடுத்த சில நிமிடங்களில்தான் தெரியும். கீழே வரும் விதிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்கே விடை தேடுகின்றன.

## விலக்கும் விதிகள்

முடிவு விலையே கணக்கு. திரி எல்லையைத் தாண்டியதா என்று பார்க்கக் கூடாது. ஐந்து நிமிட மெழுகுவர்த்தி எல்லைக்கு வெளியே முடிந்ததா என்பதையே பார்க்க வேண்டும். மெழுகுவர்த்தி முடியுமுன் அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அது முடியாத வாக்கியம் போன்றது. நான்காவது நிமிடத்தில் பச்சையாக நின்றது ஐந்தாவது நிமிடத்தில் நீண்ட மேல்திரியாக மாறிவிடுவது அன்றாடக் காட்சி.

சற்று இடைவெளி. எல்லையை ஐந்து காசு தாண்டி முடிந்த மெழுகுவர்த்தியும் ‘வெளியே முடிந்தது’ ஆகிவிடக் கூடாது. வீச்சின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கை எல்லையோடு கூட்டி ஓர் உறுதிக்கோடு போட்டுக்கொண்டால், அதற்கு அப்பால் முடிந்தவற்றை மட்டும் ஏற்கலாம்.

வணிக அளவை அதே நேரத்தோடு ஒப்பிடுதல். உடைப்பின்போது வணிக அளவு (வால்யூம்) அதிகமாக இருக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் கூறுகின்றன. எதைவிட அதிகம் என்று சொல்வதில்லை. வணிக அளவு நாள் முழுவதும் சீராக இருப்பதில்லை: காலையில் மிகுந்து, நண்பகலில் வற்றி, மாலையில் மீண்டும் பெருகும். ஆகவே 10.40 மணி மெழுகுவர்த்தியை 9.15 மணி மெழுகுவர்த்தியோடு ஒப்பிட்டால் அது எப்போதும் சிறியதாகவே தெரியும். கடந்த 20 மெழுகுவர்த்திகளின் சராசரிக் கோட்டோடு ஒப்பிட்டாலும் அதே சிக்கல்தான். அதில் நேற்றைய கடைசி நேரக் கூட்டமும் இன்றைய முதல் நேரக் கூட்டமும் கலந்திருக்கும். மணி அடிக்கும் நேரத்துப் பள்ளி வாசலையும் மூன்றாம் பாடவேளைப் பள்ளி வாசலையும் ஒப்பிட்டு வருகை குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு இது சமம். கடந்த 10 நாட்களில் அதே ஐந்து நிமிடத்தில் நடந்த வணிக அளவின் சராசரியை எடுத்து, அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

அடுத்த மெழுகுவர்த்தி சாட்சி. உறுதிக்கோட்டுக்கு வெளியே முடிந்த மெழுகுவர்த்தியை அடுத்து வருவதும் பழைய எல்லைக்கு வெளியிலேயே முடிய வேண்டும். அது இடையில் சற்று இறங்கி எல்லையருகே வந்து மீண்டால் தவறில்லை. விற்க நினைத்தவர்கள் முயன்றும் முடியவில்லை என்பதையே அது காட்டுகிறது.

இவற்றோடு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கை முடிவு அறிவிக்கப்படும் நாட்களில் ஆளுநரின் உரை காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. நடுவண் நிதிநிலை அறிக்கை 11 மணிக்கு வாசிக்கப்படுகிறது. அந்நாட்களில், சிறப்பாக வங்கிப் பங்குகளில், 9.45 வரை உருவாகும் வீச்சு காத்திருப்பின் வீச்சு மட்டுமே. அறிவிப்பு வந்ததும் இருபுற எல்லைகளும் சில நிமிடங்களில் உடைந்துபோகலாம். மேற்சொன்ன நான்கு விதிகளும் அன்றைக்கு உதவா.

## ஓர் எடுத்துக்காட்டு

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஒரு பங்கின் நேற்றைய முடிவு விலை 642 ரூபாய். முன்தொடக்க அமர்வில் 646 ரூபாய்க்குத் திறக்கிறது. 9.45-க்குள் அதன் உச்சம் 652.40, தாழ்வு 644.40. வீச்சின் அகலம் 8 ரூபாய். 14 நாள் சராசரி உண்மை வீச்சு 16 ரூபாய் என்பதால் பாதி செலவாகியிருக்கிறது. ஒதுக்க வேண்டிய நாள் இல்லை. அகலத்தில் பத்தில் ஒன்று 80 காசு. எனவே மேல் உறுதிக்கோடு 653.20.

9.45 மெழுகுவர்த்தி 653.60 வரை சென்று 651.70-இல் முடிகிறது. திரி மட்டுமே தாண்டியது, விலக்கப்படுகிறது. 9.50 மெழுகுவர்த்தி 652.90-இல் முடிகிறது. எல்லைக்கு மேலே, ஆனால் உறுதிக்கோட்டுக்குக் கீழே. வணிக அளவும் 41,000 பங்குகள்தான். அந்த ஐந்து நிமிடத்தின் 10 நாள் சராசரி 60,000. இதுவும் விலக்கப்படுகிறது. பின்னர் விலை சரிந்து 10.05 வாக்கில் 647.90-ஐத் தொடுகிறது.

எல்லையைத் தொட்டதுமே 652.45-க்கு வாங்கி, வீச்சின் நடுப்புள்ளியான 648.40-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர் இந்நேரம் ஒரு பங்குக்கு 4.05 ரூபாய் நட்டத்தோடு வெளியேறியிருப்பார்.

10.40 மெழுகுவர்த்தி 654.10-இல் முடிகிறது. வணிக அளவு 1,12,000. அந்நேரத்துச் சராசரி 55,000. விலையும் அளவும் தேறுகின்றன. அடுத்த மெழுகுவர்த்தி 652.90 வரை இறங்கி, எல்லையைத் தொடாமலே மீண்டு 654.80-இல் முடிகிறது. 10.50-க்கு 654.90 ரூபாயில் பங்கு வாங்கப்படுகிறது.

## உறுதிப்படுத்தலுக்குக் கொடுக்கும் விலை

இந்த இடத்தில்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல விளக்கங்கள் இதைத் தவிர்த்துவிடுகின்றன. வீச்சின் அகலத்தை மேல் எல்லையோடு கூட்டி வரும் 660.40 வழக்கமான இலக்கு என்று கொண்டால், 654.90-இல் வாங்கியவருக்குக் கிடைக்கக்கூடிய இலாபம் 5.50 ரூபாய். ஸ்டாப் லாஸ் முன்போல் 648.40-இலேயே இருந்தால் இடர் 6.50 ரூபாய். இலாபத்தைவிட நட்டம் பெரிது. காத்திருந்ததன் விலை இது.

இதைச் சரிசெய்ய, காத்திருப்பவர் வெளியேறும் இடத்தையும் மாற்ற வேண்டும். எல்லைக்கு வெளியே நிற்கும் என்ற எண்ணத்தில் வாங்கப்பட்ட பங்கு, மீண்டும் எல்லைக்குள் தெளிவாக நுழைந்துவிட்டால் அந்த எண்ணம் பொய்த்துவிட்டது. நடுப்புள்ளி வரை காத்திருக்கக் காரணம் இல்லை. எல்லையிலிருந்து அதே 80 காசைக் கழித்தால் 651.60. ஒரு மெழுகுவர்த்தி அதற்குக் கீழே முடிந்தால் வெளியேறலாம் என்று வைத்தால் இடர் ஏறக்குறைய 3.30 ரூபாயாகக் குறைகிறது. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், மெழுகுவர்த்தி சரியாக அந்தக் கோட்டில் முடியும் என்று உறுதியில்லை.

செலவும் உண்டு. நாள்வணிகத்தில் விற்கும் மதிப்பின்மேல் 0.025% பங்குப் பரிவர்த்தனை வரி, இருபுறமும் தரகு, சந்தைக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி, முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்த்து, 100 பங்குகள் வாங்குபவருக்கு இந்த விலையில் ஒரு பங்குக்குச் சுமார் 70 காசு ஆகும் என்று கொள்ளலாம். அப்படியானால் வென்றால் 4.80 ரூபாய், தோற்றால் 4 ரூபாய். நட்டமின்றித் தப்பவே நூறு முயற்சிகளில் 46 வெல்ல வேண்டும். தொட்டதும் வாங்கியவருக்கு வென்றால் 7.25, தோற்றால் 4.75, அவருக்கு நூற்றுக்கு 40 போதும்.

விதிகளின் மதிப்பு இந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது. பொய் உடைப்புகளை விலக்கியதால் வெற்றி விகிதம் ஆறு புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தால்தான் காத்திருப்பு பயன் தந்தது. உயராவிட்டால், விதிகள் நம்பிக்கையைக் கொடுத்திருக்குமே தவிரப் பணத்தைக் கொடுத்திருக்காது.

எடுத்துக்காட்டுப் பங்கு பிற்பகலில் 658.70 வரை சென்றது, இலக்கைத் தொடவில்லை. நாள்வணிக நிலைகளைத் தரகு நிறுவனங்கள் தாமாகவே முடித்துவிடும் நேரத்துக்குச் சற்று முன், 3.10-க்கு 656.30 ரூபாயில் விற்கப்பட்டது. மொத்த இலாபம் 1.40, செலவு போக 70 காசு. உண்மையான உடைப்பும் பல நாட்களில் இப்படித்தான் முடிகிறது.

## வரம்புகள்

விதிகளைக் கடுமையாக்கினால் பொய் உடைப்புகள் குறையும். கூடவே உண்மையான உடைப்புகள் சிலவும் கைநழுவும். மிக வலுவான நாட்களில் விலை எல்லையைத் தாண்டியபின் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். இரண்டு மெழுகுவர்த்திகள் முடிவதற்குள் இலக்கில் பாதி கடந்திருக்கும். அப்போது துரத்தி வாங்குவதைவிட அந்நாளை விட்டுவிடுவது நல்லது. ஏனெனில் வெளியேறும் கோடு மிகத் தொலைவில் இருக்கும்.

வணிகம் குறைவாக நடக்கும் சிறு நிறுவனப் பங்குகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதால், ஒரே ஆணை எல்லையை உடைத்துவிடும். அதே நேரச் சராசரியும் ஒருநாள் பெரிய ஆணையால் தாறுமாறாகிவிடும்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளின் ரொக்கப் பிரிவில் நாள்வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டமடைந்தனர். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் இது 80 விழுக்காடாக இருந்தது. ஒரு நாளில் ஒரு பங்கில் இரண்டு முயற்சிக்கு மேல் கூடாது என்றும், நண்பகலுக்குப் பின் வரும் உடைப்புகளைக் கணக்கில் கொள்வதில்லை என்றும் சிலர் வரம்பு வைத்துக்கொள்வதை இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்கலாம்.

## பதிவேடு

இம்முறையைக் கற்பவர்கள் பணம் போடுவதற்கு முன் குறைந்தது 60 நாட்களாவது தாளில் எழுதிப் பார்ப்பது வழக்கம். இதில் பலரும் வாங்கியவற்றை மட்டும் எழுதுகின்றனர். அதனால் விதிகள் சரியா என்று தெரியவே தெரியாது. விலக்கப்பட்ட ஒவ்வொரு உடைப்பையும், எந்த விதியால் விலக்கப்பட்டது என்பதையும், அதன்பின் விலை இலக்கை அடைந்ததா அல்லது எல்லைக்குள் திரும்பியதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அப்பதிவேட்டை விதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால், சில விதிகள் பொய் உடைப்புகளையே அதிகம் தடுத்திருக்கும். வேறு சில, நல்லதையும் கெட்டதையும் சம அளவில் தடுத்திருக்கும். பின்னவை வெறும் தாமதத்தை மட்டுமே தருகின்றன. அத்தகைய விதியை நீக்கிவிட்டு, அதே 60 நாட்களுக்கும் நுழைவு விலை, இடர், தேவையான வெற்றி விகிதம் ஆகியவற்றை மறுபடி கணக்கிட வேண்டும். மீதமிருக்கும் விதிகளோடு அடுத்த 60 நாட்களைப் புதிதாக எழுதத் தொடங்கலாம். பழைய நாட்களைப் பார்த்துத் திருத்திய விதிகளை அதே பழைய நாட்களைக் கொண்டு சரியெனக் காட்டுவது, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு எழுதிய தேர்வாகிவிடும்.